முட்டை போடாத கேக்: தயிர், ரின்பால், வாழைப்பழம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழா நாட்களில் எங்கள் வீடுகளில் 25 நாளும் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் அதற்காகக் காத்திருப்பதில்லை. கோண்டாவிலில் என் அடுப்படியில் இந்தக் கேக்குகளைச் செய்யத் தொடங்கியது அப்படித்தான். சொந்தக்காரரும் அயலவரும் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன மறுமொழிகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். கோதுமை மா என்று நான் எழுதுவது இங்கே கடையில் வாங்கும் வெள்ளை மாவை. தமிழ்நாட்டு வாசகர்கள் அதை மைதா என்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஆட்டா மா அல்ல. ரின்பால் என்பது ரின்னில் வரும், சீனி சேர்த்த கட்டிப்பால்.

தயிர், ரின்பால், வாழைப்பழம் மூன்றையும் சொல்லுறீங்கள். மகளின்ர பிறந்தநாளுக்கு எதைப் போட?

மெழுகுதிரி வைத்து வெட்டி, ஐசிங் பூசி, இரண்டு அடுக்காக வைக்க வேண்டுமென்றால் ரின்பால். ஐசிங் இல்லாமல் மெத்தென்று பொங்கிய கேக் வேண்டுமென்றால் தயிர். பின்னேரத் தேத்தண்ணிக்கு என்றால் வாழைப்பழம்.

இதை வெறும் வாயால் சொல்லவில்லை. ஒரே நாளில் மூன்றையும் செய்து பார்த்தேன். 7 அங்குல வட்டத் தட்டு மூன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 கிராம் கலவை ஊற்றினேன். வெந்து ஆறியபின் நடுவில் ஈர்க்கு குத்தி, கேக்கின் மேல் விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து அளந்தேன். தயிர் கேக் 5 சென்ரிமீற்றர், நடுவில் சிறு குவிவு. ரின்பால் கேக் 4 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், தலை மட்டம். வாழைப்பழக் கேக் 4 சென்ரிமீற்றருக்கும் குறைவு.

வெட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. தயிர் கேக்கில் துளைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடந்தன. விரலால் அமத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது, கரையில் பொலபொலவென்று உதிர்ந்தது. ரின்பால் கேக்கில் துளைகள் ஊசிமுனை அளவு, எல்லாம் ஒரே அளவு. கத்தி போன இடம் பளிங்குபோல நின்றது, ஒரு துணிக்கை உதிரவில்லை. வாழைப்பழக் கேக்கில் துளைகள் கொஞ்சம், இடையிடையே கறுப்பு நார்கள், கத்தியில் மெல்லிய பசை. மூன்றும் நல்ல கேக்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

முட்டை இல்லாட்டி கேக்குக்கு உண்மையில என்ன குறையுது?

முட்டை பொங்க வைப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பொங்க வைப்பதை விட, பொங்கியதைப் பிடித்து வைப்பதே அதன் பெரிய வேலை. முட்டையின் புரதம் 60 பாகை செல்சியஸ் தாண்டும்போது இறுகத் தொடங்கி 80 பாகை அளவில் நன்றாகக் கெட்டியாகிவிடும். அந்த நேரத்தில் கலவைக்குள் காற்றுக் குமிழிகள் பெருத்திருக்கும். முட்டை அந்தக் குமிழிகளைச் சுற்றி ஒரு சுவர் கட்டிவிடும். மஞ்சட்கரு எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும்.

முட்டையை எடுத்துவிட்டால் சுவர் கட்டுவது மாவின் பொறுப்பு. மாவில் உள்ள மாப்பொருள் நீரைக் குடித்து வீங்கி இறுகி, கேக்கைத் தாங்க வேண்டும். சீனி அதிகமுள்ள கலவையில் அது 85, 90 பாகைக்குக் கிட்டத்தான் நடக்கும். சீனி கூடக் கூட இன்னும் பிந்தும். ஆகவே முட்டையில்லாக் கேக் என்பது ஒரு ஓட்டப்போட்டி. ஒரு பக்கம் வாயு வெளியேறப் பார்க்கிறது, மறுபக்கம் மாவு இறுகப் பார்க்கிறது. மாவு இறுகுவதற்கு முன் வாயு போய்விட்டால் கேக் தாழும். கீழே வரும் மறுமொழிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

தயிர் கேக்கின்ர அளவைச் சொல்லுங்கோ.

7 அங்குல வட்டத் தட்டுக்கு: கோதுமை மா 190 கிராம், அதாவது ஒன்றரைக் கப். தயிர் ஒரு கப், 240 கிராம். சீனி முக்கால் கப், 150 கிராம். மணமில்லாத எண்ணெய் அரைக் கப். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வனிலா ஒரு தேக்கரண்டி. கரண்டிகளைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

முதலில் அவன் அடுப்பை 180 பாகைக்குச் சூடாக்க விடுங்கள், தட்டில் எண்ணெய் பூசி அடியில் தாள் போட்டு வையுங்கள். இந்த இரண்டும் முடியாமல் மாவில் கை வைக்கக்கூடாது. மா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் அரிதட்டால் இரண்டு தரம் அரியுங்கள். தயிரும் சீனியும் இன்னொரு சட்டியில், சீனி கரையும்வரை அடியுங்கள். விரலால் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. பிறகு எண்ணெய், வனிலா விட்டு, எண்ணெய் மேலே மிதக்காமல் ஒன்றாகும்வரை அடியுங்கள்.

இனி மாவை இரண்டு தரமாகப் போட்டு மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலவுங்கள். வெள்ளை மா தெரியாதவுடன் நிறுத்துங்கள். சின்னக் கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் அவனில் போய்விடும். கட்டியைப் போக்கவென்று பீட்டரால் அடித்தால் மாவின் பசைத்தன்மை கூடி, கேக் இறப்பர் மாதிரி இழுபடும். தட்டில் ஊற்றி உடனே உள்ளே வையுங்கள். 35 முதல் 40 நிமிடம்.

சிலர் சோடாவைத் தயிரில் போட்டு நுரைத்து வரும்வரை வைப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அந்த நுரை எல்லாம் கேக்குக்குப் போக வேண்டிய வாயு. எங்கள் வெக்கையில் அது இன்னும் விரைவாகப் போகும். சோடாவை மாவோடு அரிப்பதே நல்லது.

அப்பச் சோடாவைக் கொஞ்சம் கூட்டினா இன்னும் பொங்காதோ?

பொங்கும், பிறகு விழும். அரைத் தேக்கரண்டி என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கப் சாதாரணத் தயிரில் உள்ள புளிப்பு ஏறக்குறைய அவ்வளவு சோடாவைத்தான் முழுதாகச் செலவழிக்கும். அதற்கு மேல் போட்ட சோடா புளிப்பைக் காணாமல் கலவையில் மிஞ்சும். சூட்டில் அதுவும் கொஞ்சம் வாயுவைத் தரும், ஆனால் பின்னால் காரத்தன்மையை விட்டுவிட்டுப் போகும். கேக் மஞ்சளித்து, சவர்க்காரம் நக்கியது போலச் சுவைக்கும்.

பெறாமகள் ஒருத்தி போன ஆண்டு திருவிழாக் காலத்தில் கேக்கோடு வீட்டுக்கு வந்தாள். நடுவில் சோற்றுக்கோப்பை வைக்கலாம் போல ஒரு குழி. வெட்டினால் மேலே பெரிய பெரிய துளைகள், அடியில் ஒரு அங்குலம் பச்சை மா மாதிரி அடர்த்தி. என்ன போட்டாய் என்று கேட்டேன். ஒரு கப் தயிருக்கு ஒன்றேகால் தேக்கரண்டி சோடா. கலந்தபிறகுதான் அவனைப் போட்டாளாம், அது சூடாக 25 நிமிடம். அவனுக்குள் வைத்ததும் கால்மணி நேரத்தில் கலவை தட்டின் விளிம்புவரை வந்து நின்றதாம். கதவைத் திறந்து படம் எடுத்தாளாம். அதற்குப் பிறகு இறங்கியதுதான், ஏறவில்லை.

எது குற்றம் என்று இருவரும் சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். சின்னக் கிண்ணங்களில் ஒரே கலவையை மூன்று விதமாகச் செய்தோம். அரைத் தேக்கரண்டி அளவில் சோடா போட்டு உடனே வைத்தது நன்றாகக் குவிந்து வந்தது. ஒரு தேக்கரண்டி அளவில் போட்டு உடனே வைத்தது முதலில் மற்றதை விட உயர்ந்தது, 20 நிமிடத்தில் நடு விழுந்தது. அளவாகப் போட்டு அரை மணிநேரம் வெளியே வைத்தது விழவில்லை, ஆனால் எழும்பவும் இல்லை. துளைகள் நெருங்கி, இட்டலி ஆறிப்போனது போல இருந்தது.

ஆக, குழி என்றால் சோடா கூடிவிட்டது அல்லது கதவு திறந்துவிட்டது. குழி இல்லாமல் சப்பை என்றால் கலவை காத்திருந்தது, அல்லது பேக்கிங் பவுடர் பழசு. பேக்கிங் பவுடரைச் சோதிக்க ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள். சுறுசுறுவென்று பொங்காவிட்டால் அதை எறிந்துவிடுங்கள். மாரி காலத்தில் ஈரக் கரண்டி போட்ட டப்பா சீக்கிரம் செத்துவிடும்.

சட்டித் தயிர், வீட்டுத் தயிர், கடை யோகட் எல்லாம் ஒண்டோ?

இல்லை. வீட்டில் உறைய வைத்த பசுத்தயிர் இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும். சட்டியில் வரும் எருமைத் தயிர் கொழுப்புக் கூடியது, தடிப்பானது. அதை அப்படியே போட்டால் கலவை இறுகிவிடும். 190 கிராம் தயிரோடு 50 மில்லிலீற்றர் பால் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். கேக் பசுத்தயிரில் வருவதை விட ஈரமாகவும் மெதுவாகவும் வரும், உயரம் மட்டும் ஒரு நூல் குறையும். எனக்குப் பிடித்தது இதுதான்.

மேலே நிற்கும் மஞ்சள் நீரை ஊற்றி விடாதீர்கள். புளிப்பு நிறைய அந்த நீரில்தான் இருக்கிறது, சோடாவுக்கு அது வேண்டும். கலக்கிவிட்டு அளவுங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாளிலேயே தயிர் கடும் புளிப்பாகிவிடும். அப்படிப்பட்டதில் முக்கால் பங்கும் பால் கால் பங்கும் எடுத்தால் போதும், சோடாவைத் தொட வேண்டாம்.

கடையில் சின்னக் கோப்பையில் வரும் யோகட்டில் சீனி இருக்கும், ஆகவே கலவைச் சீனியில் இரண்டு மேசைக்கரண்டி குறையுங்கள். அதைவிட முக்கியம், லேபிளை வாசிப்பது. பல யோகட்டுகளில் இறுகுவதற்காக ஜெலற்றின் சேர்க்கிறார்கள். ஜெலற்றின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. விரதத்துக்கென்று முட்டையைத் தவிர்த்துவிட்டு இதைப் போட்டுவிட்டு, பிறகு தெரிந்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரின்பால் கேக் ஏன் தயிர் கேக் மாதிரிப் பொங்குதில்லை?

ரின்பாலில் புளிப்பு இல்லை. சோடாவுக்கு அங்கே வேலை கிடையாது. அதோடு ரின்னில் பாதிக்கு மேல் சீனி, பாலில் உள்ள சீனியையும் சேர்த்து. நான் முதலில் சொன்ன ஓட்டப்போட்டியில் சீனி மாவின் காலைப் பிடித்து இழுக்கும். கலவையும் பாகு போலக் கனம், குமிழிகள் பெருத்துத் திரண்டு ஒன்று சேர முடியாது. அதனால்தான் துளைகள் சின்னனாக, ஒரே அளவாக நிற்கின்றன. பொங்காததும் நேர்த்தியாக வெட்டுப்படுவதும் ஒரே காரணத்தால்தான்.

நான் செய்வது இப்படி. 8 அங்குலத் தட்டுக்கு 390 கிராம் ரின் ஒன்று, கோதுமை மா 250 கிராம், உருக்கிய பட்டர் 115 கிராம், பால் 200 மில்லிலீற்றர், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, அப்பச் சோடா கால் தேக்கரண்டி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, வனிலா. தனியாகச் சீனி போடக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கால் தேக்கரண்டி சோடாவுக்குத்தான் காணும், அதனால் அந்த அளவு. ஒரு தேக்கரண்டி சோடா போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அவற்றில் வரும் தவிட்டு நிறமும் கசப்பும் மிஞ்சிய சோடாவால்தான்.

பட்டரையும் ரின்பாலையும் ஐந்து நிமிடம் நன்றாக அடியுங்கள். தயிர் கேக்கில் நான் அடிக்காதே என்றேன், இங்கே மா போடுமுன் அடிக்கலாம், அடிக்க வேண்டும். கலவை வெளுத்துத் தடித்து, கரண்டியில் இருந்து நாடா போல விழ வேண்டும். இப்படிச் சேர்ந்த காற்றும் இந்தக் கேக்கை உயர்த்தும். பட்டர் உருகியிருந்தாலும் சூடாக இருக்கக்கூடாது. பிறகு அரித்த மாவும் பாலும் மாறி மாறி, கடைசியாக வினாகிரி. வினாகிரி விழுந்தவுடன் பத்துத் தடவை மடித்து, நேராக அவனுக்குள்.

மேல கறுத்துப் போச்சு, உள்ளுக்கு வேகேல்லை. ரின்பால் கேக்தான்.

பால்ப் புரதமும் சீனியும் சேர்ந்தால் சீக்கிரம் சிவக்கும். பால்ரொபி கிண்டும்போது பார்த்திருப்பீர்கள், அதே நடப்பு. 180 பாகை இந்தக் கேக்குக்கு அதிகம். 160 பாகையில் 50 நிமிடம் வையுங்கள், நடுத்தட்டுக்கும் ஒரு படி கீழே. 30 நிமிடம் கழிந்து மேல் நிறம் வந்துவிட்டால் தாள் ஒன்றை மேலே தளர்வாக மூடுங்கள். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். கறுப்புத் தட்டு அடியையும் கருக்கும், அலுமினியத் தட்டு நல்லது.

தயிரும் ரின்பாலும் சேர்த்துப் போட்டா என்ன?

மிக நன்றாக வரும். மேலே சொன்ன ரின்பால் அளவில் 200 மில்லிலீற்றர் பாலுக்குப் பதில் 120 கிராம் தயிரும் 80 மில்லிலீற்றர் பாலும் எடுங்கள். வினாகிரி தேவையில்லை, கால் தேக்கரண்டி சோடாவுக்கு அரைக் கப் தயிரின் புளிப்புப் போதும். உயரம் இரண்டுக்கும் நடுவில் வரும், துளை ரின்பால் போலச் சின்னனாக இருக்கும், திகட்டுகிற இனிப்புக் குறையும். பிறந்தநாளுக்கு யார் கேட்டாலும் இப்போது நான் இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

வாழைப்பழத்தில எந்தப் பழம்? கதலி வீட்டில குலையோட கிடக்கு.

கதலியும் போடலாம். அதில் கொஞ்சம் புளிப்பு இருப்பதால் சோடாவோடு நன்றாகப் போகும். இதரை இனிப்பும் மணமும் கூடியது, பசையும் கூடியது. கப்பல் பழம் சதைப்பிடிப்பானது. நீர்வேலிப் பக்கமிருந்து வரும் குலை எதுவானாலும், பழத்தின் பெயரை விட அது பழுத்த பருவம்தான் முக்கியம். தோல் மஞ்சளாக இருக்கும் பழத்தில் மாப்பொருள் இன்னும் சீனியாக மாறி முடிந்திருக்காது. அது கேக்கில் கட்டியாக, மணமில்லாமல் கிடக்கும். தோலில் கறுப்புப் புள்ளி நிறைந்து, காம்பு சுருங்கி, சாமிக்குப் படைக்க மாட்டோம் என்று ஒதுக்கும் பழம்தான் வேண்டும். தண்ணி விட்டு நொதித்த மணம் வந்ததை மட்டும் எடுக்காதீர்கள்.

எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். உரித்த பழம் 250 கிராம். கதலியில் அது ஆறேழும் ஆகலாம், கப்பலில் மூன்றோடும் முடியலாம். ஒரு முட்டைக்கு ஒரு பழம் என்ற கணக்கு எங்கள் ஊரில் பொருந்தாது. அப்படிப் போட விரும்பினால் முட்டை ஒன்றுக்கு மசித்த பழம் கால் கப், 60 கிராம் அளவு.

வாழைப்பழக் கேக் உள்ளுக்குக் களி மாதிரி வருது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டாலும் சரிவருதில்லை.

நேரத்தால் வந்த குறை அல்ல, அதனால் நேரத்தால் தீராது. பழம் கூடியிருக்கும், அல்லது கலந்தது கூடியிருக்கும். பழத்தில் முக்கால் பங்கு நீர். மீதியில் சீனியும், பாகு போலப் பிடிக்கும் பெக்ரினும் நாரும். இவை நீரைப் பிடித்து வைக்கும், ஆனால் முட்டை போல இறுகிச் சுவர் கட்டாது. ஆகவே வாழைப்பழம் ஈரத்தைத் தரும், பிணைப்பைத் தரும், தூக்கிப் பிடிக்காது. 200 கிராம் மாவுக்கு 250 கிராமுக்கு மேல் பழம் போனால் மாவால் அந்த நீரைக் குடித்து முடிக்க முடியாது.

அளவு: மா 200 கிராம், மசித்த பழம் 250, சீனி அல்லது சர்க்கரை 100, எண்ணெய் 80 மில்லிலீற்றர், தயிர் கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி, கறுவாத்தூள் விருப்பம்போல. பழத்தை மிக்சியில் அடிக்காமல் முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். மிக்சியில் அடித்தால் பசை முழுதும் வெளியே வந்து, கூழாகி, துளையே இல்லாமல் போகும். சிறு கட்டிகள் இருந்தால் வெந்தபின் அவை இனிப்புத் துண்டுகளாக நிற்கும். மா போட்டபிறகு பதினைந்து தடவை மடித்தால் போதும்.

தட்டின் ஆழமும் ஒரு காரணம். பாண் தட்டில் ஊற்றினால் நடுவுக்குச் சூடு போக நேரம் எடுக்கும். பாதிக்கு மேல் நிரப்பாமல், 170 பாகையில் 50 நிமிடம் வையுங்கள். முதல் தரம் செய்பவர்கள் அகலத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றினால் களியாகும் பயம் இல்லை.

வெந்த கேக்கில் ஊதா கலந்த கறுப்பு இழைகள் வந்தால் பயப்பட வேண்டாம், பழம் கறுப்பதுதான் அது. கேக் முழுதும் சாம்பல் பாய்ந்த மண்ணிறமாகினால் சோடாவைக் குறையுங்கள்.

வெந்திட்டுது எண்டு எப்பிடித் தெரியும்? ஈர்க்கு சுத்தமா வந்தாலும் பிறகு தாழுது.

எங்கே குத்தினீர்கள் என்பதைப் பாருங்கள். நடுவில் குத்த வேண்டும், மேலே வெடித்த இடத்தில் அல்ல. வெடிப்பில் குத்தினால் ஈர்க்கை நம்ப முடியாது. காய்ந்த ஈர்க்கைக் கழுவித் துடைத்து நடுவில் செங்குத்தாக அடிவரை இறக்கி, இரண்டு எண்ணி எடுங்கள். தயிர் கேக்கில் ஒன்றும் ஒட்டக்கூடாது. ரின்பால் கேக்கில் இரண்டு மூன்று ஈரத் துணிக்கைகள் ஒட்டலாம், பால் போல வழியும் மாவு கூடாது. வாழைப்பழக் கேக்கில் ஈர்க்கு எப்போதும் கொஞ்சம் பசைக்கும், பழத்துண்டில் பட்டிருந்தாலும் அப்படித்தான். அதற்கு ஈர்க்கை நம்பாமல் விரலை நம்புங்கள். நடுவை மெல்ல அமத்தினால் பள்ளம் நிற்காமல் திரும்ப வேண்டும், கரை தட்டை விட்டு ஒரு நூல் விலகியிருக்க வேண்டும்.

எடுத்தவுடன் கவிழ்க்காதீர்கள். முட்டை இல்லாத சுவர் சூட்டில் மென்மையானது, ஆற ஆறத்தான் இறுகும். தட்டோடு 15 நிமிடம் விட்டு, பிறகு கவிழ்த்து, ஐசிங் பூசுவதென்றால் நாலைந்து மணிநேரம் ஆறவிடுங்கள்.

கேக் அவனுக்குள்ள இருக்க கறண்ட் போச்சு. என்ன செய்ய?

கதவைத் திறக்க வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் என்றால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்து முடியும். முதல் 20 நிமிடத்துக்குள் போனால் காப்பாற்றுவது கடினம், மாவு இறுகவில்லை. கறண்ட் போகக்கூடிய நாளில் நான் தயிர் கேக் தொடங்குவதில்லை. தடித்த அடியுள்ள பெரிய பானையில் இரண்டு விரல் மணல் பரப்பி, நடுவில் ஒரு வளையம் வைத்து, மூடி கால்மணி நேரம் சூடாக்கி, அதில் தட்டை வைத்து மெல்லிய நெருப்பில் வேக வைக்கலாம். வாழைப்பழக் கேக்குக்கு இது மிகவும் பொருந்தும். மேல் சிவக்காது, அவ்வளவுதான். மூடியில் சேரும் நீர் கேக்கில் சொட்டாமல் மூடியைத் துணியால் சுற்றுங்கள்.

எங்கட அம்மாவின்ர பட்டர் கேக்குக்கு ஆறு முட்டை. அதைத் தயிரால மாத்தலாமோ?

மாற்ற வேண்டாம். ஒரு குறிப்பில் இரண்டு, மூன்று முட்டை இருந்தால் அதன் வேலையைத் தயிரும் சோடாவும் எடுத்துக்கொள்ளும். ஆறு முட்டை என்றால் அந்தக் கேக்கின் உடம்பே முட்டைதான். அவ்வளவுக்குத் தயிர் விட்டால் கலவை தண்ணியாகும், மா கூட்டினால் வேறு கேக் ஆகும். அதிக முட்டை அடித்துச் செய்யும் பஞ்சுக் கேக், மஞ்சட்கரு நிறையப் போகும் லவ் கேக் இரண்டும் இதே வகை. அந்தச் சுவை வேண்டுமென்றால் ரின்பால் கேக்கில் மாவில் 50 கிராமைக் குறைத்து, வறுத்த ரவை 50 கிராம் சேர்த்து, பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டுச் செய்யுங்கள். பட்டர் கேக்கின் அந்த நறுக்கென்ற மணல்தன்மை கொஞ்சம் வரும்.

எத்தினை நாள் வைக்கலாம்?

தயிர் கேக் செய்த அன்றும் மறுநாளும்தான் நன்று, பிறகு உதிரும். ரின்பால் கேக் இரண்டாம் நாள் இன்னும் நேர்த்தியாக வெட்டுப்படும், காற்றுப்படாத டப்பாவில் நாலு நாள் இருக்கும். வாழைப்பழக் கேக் மறுநாள்தான் மணக்கும், ஆனால் எங்கள் வெக்கையில் இரண்டாம் நாளுக்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே மிச்சத்தைத் துண்டு போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். தின்னுமுன் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் லேசாகச் சுட்டுக்கொள்ளலாம்.